புகைப்படத்தைச் சாட்டிலைட் மேப்போடு பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரையிலிருந்தோ மாடியிலிருந்தோ எடுத்த ஒரு படத்தை, மேலிருந்து எடுத்த சாட்டிலைட் படத்தோடு ஒப்பிட்டு, கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது பற்றி வரும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுக்குத் திருச்சியையே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மலை, இரண்டு ஆறுகள், நடுவில் ஒரு தீவு, அதில் இரண்டு பெரிய கோயில்கள் என்று, பழகிப் பார்க்க வேண்டிய எல்லாமே அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

படத்தில் கட்டடம், சாலை, ஆறு எல்லாமே தெரிகிறது. எதை முதலில் பிடிப்பது?

பெரியதிலிருந்து சிறியதுக்குப் போங்கள். ஆறு எந்த ஊர் என்று சொல்லும். பாலமும் சாலையும் ஊரில் எந்தப் பக்கம் என்று சொல்லும். கட்டடம் கடைசியில் எந்த மாடி என்று சொல்லும். நேரே கட்டடத்தில் ஆரம்பித்தால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். தமிழ்நாட்டில் மொட்டை மாடியும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் இல்லாத தெரு கிடையாது.

இன்னொன்று, மேப்பைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். கீழே கேமரா, மேலே படத்தில் தூரத்தில் இருப்பது. ஆறு எந்தத் திசையில் குறுக்கே போகிறது, பாலம் அதை நேராக வெட்டுகிறதா சாய்வாக வெட்டுகிறதா, கோபுரம் பாலத்துக்கு இடமா வலமா, இவ்வளவு போதும். அழகாக இருக்க வேண்டியதில்லை. வரையாமல் மேப்பைத் திறந்தால், கண் தனக்குப் பிடித்த இடத்தைப் பார்த்து "இதுதான்" என்று சொல்லிவிடும். வரைந்துவிட்டால் தாளோடுதான் ஒப்பிட முடியும், ஆசையோடு அல்ல.

எந்த ஊர் என்றே தெரியாது. அப்போது எங்கே தேடுவது?

அரிதான ஒரு சேர்க்கையைத் தேடுங்கள். "ஆறும் பாலமும்" என்றால் நூற்றுக்கணக்கில் வரும். "ஆற்றின் மேல் ரயில் பாலம், அதற்கு இருநூறு மீட்டருக்குள் சாலைப் பாலம்" என்றால் பட்டியல் சட்டென்று சுருங்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இப்படித் தேட ஓவர்பாஸ் டர்போ என்ற தளம் உண்டு. தமிழ்நாடு முழுவதும் மேலே சொன்ன சேர்க்கையைத் தேட இது போதும்:

```
[out:json][timeout:90];
area["ISO3166-2"="IN-TN"]->.tn;
way["waterway"="river"](area.tn)->.aaru;
way["railway"="rail"]["bridge"](area.tn)(around.aaru:30)->.rail;
way["highway"]["bridge"](area.tn)(around.rail:200);
out geom;
```

வருகிற ஒவ்வொரு இடத்தையும் சாட்டிலைட் படத்தில் திறந்து, உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தத் தரவைத் தன்னார்வலர்கள்தான் வரைந்திருக்கிறார்கள். யாரும் வரையாத பாலம் தேடலில் வராது. அதனால் பட்டியலில் இல்லை என்பதை வைத்து ஒரு ஊரைத் தள்ளிவிடாதீர்கள்.

ஒரு படத்தை எடுத்து முழுசாகச் செய்து காட்டுங்களேன்.

சரி. திருச்சி மலைக்கோட்டை உச்சியிலிருந்து வடக்கே பார்த்து எடுத்த படங்கள் இணையத்தில் ஏராளம். அப்படி ஒன்றை ஊர்ப்பெயர் இல்லாமல் யாரோ அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். முன்னால் நெருக்கமான மாடிகள். அப்புறம் படத்தின் குறுக்கே ஒரு ஆறு. அக்கரையில் தென்னந்தோப்பு, அதற்கு மேல் வண்ணம் பூசிய மிக உயரமான ஒரு கோபுரம். அதன் வலப்பக்கம், கொஞ்சம் பின்னால், வெள்ளையாக இன்னொரு கோபுரம்.

அகலமான ஆறு, அதன் அக்கரையில் பெரிய கோயில் என்றதும் ஸ்ரீரங்கம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நினைவு ஊகம்தான், அதைச் சோதிக்க வேண்டும். சாட்டிலைட் படத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவைப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு செவ்வகங்கள் தெரியும். அவை பெரிய கோயிலின் மதில்கள். கிழக்கே கொஞ்சம் தள்ளி இன்னொரு மதில் கோயில் தெரியும், அது திருவானைக்காவல். அதற்கு ஐந்து சுற்று. அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் பிடிப்பது எளிது, அதனால் சுற்றை எண்ணிவிடுங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி: கேமரா எந்தப் பக்கம்? ராஜகோபுரம் தெற்கு வாசலில், எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள சுற்றில் இருக்கிறது. வெள்ளைக் கோபுரம் உள்ளே, கிழக்கு வாசலில் இருக்கிறது. அதாவது ராஜகோபுரத்துக்கு வடகிழக்கே. தெற்கிலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோபுரம் வலப்பக்கம், பின்னால் தெரியும். வடக்கே கொள்ளிடக் கரையிலிருந்து பார்த்தால் இடப்பக்கம், ராஜகோபுரத்தை விட முன்னால் தெரியும். நம் படத்தில் வலம், பின்னால். ஆகவே கேமரா தெற்கே இருக்கிறது. குறுக்கே ஓடுவது காவிரி. கோபுரத்தின் சிற்பத்தையோ நிறத்தையோ பார்க்காமல், வெறும் வரிசையை வைத்தே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

தெற்கே என்றால் எங்கே? இங்கேதான் இரண்டு கோபுரங்களின் இடைவெளி உதவும். நீங்கள் தென்மேற்காக நகர நகர அந்த இடைவெளி குறைந்து, ஒரு கட்டத்தில் வெள்ளைக் கோபுரம் ராஜகோபுரத்துக்கு நேர் பின்னால் போய்விடும். தென்கிழக்காக நகர்ந்தால் இடைவெளி விரியும். அதைத் துல்லியமாக்க நேர்கோட்டு முறை இருக்கிறது. படத்தில் ராஜகோபுரத்துக்கு நேர் கீழே, முன்னால், சாட்டிலைட் படத்தில் அடையாளம் காணக்கூடிய எதையாவது தேடுங்கள். பாலத்தின் ஒரு முனை, ஒரு மண்டபத்தின் கூரை, எதுவானாலும் சரி. படத்தில் இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றன என்றால், மேப்பில் அந்த இரண்டையும் இணைத்துத் தெற்கே நீட்டினால் கேமரா அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறது. வெள்ளைக் கோபுரத்துக்கும் அதே மாதிரி ஒரு கோடு போடுங்கள். இரண்டும் வெட்டும் இடம்தான் கேமரா. மலைக்கோட்டைப் படமாக இருந்தால், வெட்டும் புள்ளி நகரத்தின் நடுவே உள்ள அந்தப் பாறை மேல் வந்து விழும். முன்னால் எடுத்த பொருள் கேமராவுக்கு அருகில் இருந்தால் கோடு துல்லியமாக இருக்கும். இரண்டு பொருளும் தூரத்தில், ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால், சின்னப் பிழையும் இந்தப் பக்கம் நூறு மீட்டராகிவிடும்.

கடைசியாக உயரம். படத்தில் தொடுவானம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதுதான் கேமராவின் உயரம். தொடுவானத்தைத் தாண்டி மேலே நிற்பது கேமராவை விட உயரமானது. கீழேயே நிற்பது தாழ்வானது. மலைக்கோட்டைப் பாறை சுமார் 83 மீட்டர். ராஜகோபுரம் 236 அடி, அதாவது 72 மீட்டர். உச்சியிலிருந்து எடுத்த படத்தில் கோபுரத்தின் நுனி தொடுவானத்தை ஒட்டியே நிற்கும். அதே கோபுரத்தை ஆற்றங்கரையிலிருந்து எடுத்தால் பாதிக்கு மேல் வானத்துக்குள் ஏறி நிற்கும். ஆக, நம் படத்தை ஆற்றங்கரை மாடியில் எடுத்திருக்க முடியாது.

தூரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

முடியும், உயரம் தெரிந்த ஒரு பொருள் படத்தில் இருந்தால். பெரும்பாலான போன்களில் முதன்மைக் கேமரா 24 முதல் 28 மி.மீ. லென்சுக்குச் சமம். 26 என்று வைத்து, கிடைமட்டமாக எடுத்த, 4000 பிக்சல் அகலமுள்ள படத்துக்குக் கணக்கு இது:

```
f = 26 ÷ 36 × 4000 = 2889
தூரம் = 72 × 2889 ÷ 65 = 3200 மீட்டர்
```

36 என்பது பழைய ஃபிலிம் சட்டத்தின் அகலம், மி.மீ. கணக்கில். f என்பது லென்சின் குவியத்தூரம், பிக்சல் கணக்கில். 72 என்பது கோபுரத்தின் உண்மையான உயரம், 65 என்பது படத்தில் அது பிடித்திருக்கும் பிக்சல். மலைக்கோட்டையிலிருந்து ராஜகோபுரம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், எனவே ஒத்துவருகிறது.

இதில் வழக்கமாக நடக்கும் பிழை, கோபுரத்தின் அடியை மறந்துவிடுவது. தென்னை மரங்கள் கீழ்ப்பகுதியை மறைத்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற 40 பிக்சலை வைத்துப் போட்டால் 5200 மீட்டர் என்று வரும், கேமராவை ஊருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிடுவீர்கள். இன்னொரு பிழை, வெட்டப்பட்ட படம். ஓரத்தை வெட்டியிருந்தால் 4000 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் லென்ஸ் விவரமும் அழிந்திருக்கும். அப்படிப்பட்ட படத்துக்கு நான் தூரக் கணக்கே போட மாட்டேன். நேர்கோட்டு முறைக்கு லென்சும் வேண்டாம், முழுப் படமும் வேண்டாம்.

சாட்டிலைட் படத்தில் கட்டடம் சாய்ந்த மாதிரி தெரிகிறதே, வடிவத்தை எப்படி ஒப்பிடுவது?

சாட்டிலைட் எப்போதும் நேர் மேலிருந்து எடுப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்தும் எடுக்கும். அதனால் உயரமான கட்டடத்தின் உச்சி ஒரு பக்கம் தள்ளித் தெரியும். ராஜகோபுரத்தைப் பல வருடப் படங்களில் பார்த்தால், ஒவ்வொன்றிலும் நுனி வேறு வேறு பக்கம் சாய்ந்திருக்கும், அடி மட்டும் நகராது. ஆகவே கோடு போடும்போது எப்போதும் அடியில் வையுங்கள்.

வடிவத்தில் ஒப்பிட வேண்டியது கூரையின் உருவத்தை. L வடிவமா, நடுவில் முற்றம் உண்டா, மாடிப்படி அறை எந்த மூலையில் துருத்திக்கொண்டிருக்கிறது, ஓட்டுக் கூரையின் நடு முகடு எந்தத் திசையில் ஓடுகிறது. சுவரின் நிறத்தை நம்பாதீர்கள், ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தால் மாறிவிடும்.

நிழலை வைத்து வடக்குத் திசையைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

"நண்பகலில் நிழல் வடக்கே விழும்" என்பது நம் ஊரில் வருடம் முழுக்கப் பொருந்தாது. திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். அப்போது நிழல் தெற்கே விழும். மே மாதப் படத்தை அந்த விதிப்படிப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

சாட்டிலைட் படங்கள் பெரும்பாலும் காலை பத்தரை மணி வாக்கில் எடுப்பவை. அதனால் மேப்பில் நிழல் மேற்குப் பக்கம் சாய்ந்திருக்கும்: டிசம்பரில் வடமேற்கே, ஜூனில் தென்மேற்கே. உங்கள் படம் மாலையில் எடுத்ததென்றால் நிழல் எதிர்ப்பக்கம் கிழக்கே விழும். இரண்டின் நிழலும் ஒத்துப்போகவில்லை என்பதால் இடத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

என் படத்தில் ஆறு நிறையத் தண்ணீர். மேப்பில் வெறும் மணல். வேறு இடமா?

பெரும்பாலும் அதே இடம்தான், காலம்தான் வேறு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். மழை பொய்த்தால் தேதி தள்ளிப்போகும். பிப்ரவரி முதல் மே வரை திருச்சிக் காவிரியில் மணல்தான் அதிகம். மேகமில்லாத சாட்டிலைட் படங்கள் அதே கோடைக்காலத்தில்தான் எளிதாகக் கிடைக்கும் என்பதால், மேப்பில் ஆறு உண்மையை விட வறண்டதாகவே தெரிகிறது. கொள்ளிடம் இன்னும் மோசம்: முக்கொம்பில் உபரி நீர் திறந்தால்தான் அது நிறையும்.

ஆகவே நீரின் ஓரத்தையும் மணல் திட்டையும் ஒப்பிடாதீர்கள். மாறாதவை வேறு: ஆற்றின் வளைவு, கரைமேல் போகும் சாலை, பாலத்தின் தூண்கள், படித்துறை. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறை எந்தப் பருவத்துச் சாட்டிலைட் படத்திலும் அதே இடத்தில் இருக்கிறது.

தண்ணீர் ஓடுகிற படத்தில் எனக்கு மிகவும் பிடித்த தடயம் ஒன்று உண்டு. பாலத் தூணின் அருகே படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் தண்ணீர் மோதிப் புடைத்து நிற்கும், மறுபக்கம் நுரையும் சுழலுமாக ஒரு வால் நீளும். வால் நீளும் திசைதான் ஓட்டத்தின் திசை. திருச்சியில் காவிரியும் கொள்ளிடமும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. வால் இடமிருந்து வலமாக நீண்டால் நீங்கள் வடக்கே பார்க்கிறீர்கள், தென்கரையில் நிற்கிறீர்கள். வலமிருந்து இடமாக என்றால் வடகரை. "எந்தக் கரை" என்ற குழப்பத்தைத் தீர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தூணே இல்லாத இடத்தில், மணல் திட்டின் கூரிய வால் கீழ்நோக்கி இருக்கிறதா என்று பார்க்கலாம், ஆனால் அது அவ்வளவு உறுதியில்லை.

சாலைச் சந்திப்பை எப்படி ஒப்பிடுவது? படத்தில் ஒரு கோணம், மேப்பில் வேறு கோணம் தெரிகிறது.

தாழ்வான இடத்திலிருந்து பார்க்கும்போது கோணம் நசுங்கிவிடும். நேரான நாற்சந்திகூடப் படத்தில் அகலமாகச் சப்பிப்போன பெருக்கல் குறி மாதிரி தெரியும். அதனால் கோணத்தை விட்டுவிட்டு, எத்தனை கிளை, இடமிருந்து வலமாக என்ன வரிசை, எது அகலம், எதில் நடுத்தடுப்பு இருக்கிறது, எது எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். நாற்சந்தி மாதிரி தெரிவது உண்மையில் சில மீட்டர் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு முச்சந்திகளாக இருக்கலாம். அதுவும் நல்ல அடையாளம்தான்.

கோயில் ஊர்களில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திரை வீதி எல்லாம் கோயிலைச் செவ்வகமாகச் சுற்றி வருபவை. நான்கு மூலைகளும் ஒரே மாதிரி திரும்பும். சந்திப்பை மட்டும் வைத்து எந்த மூலை என்று சொல்ல முடியாது. கூரைகளுக்கு மேல் ஏதாவது கோபுரம் எட்டிப் பார்க்கிறதா, அது எந்தப் பக்கம் என்று கவனித்த பிறகுதான் மூலையை முடிவு செய்ய வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் இடமும் வலமும் மாறிக் கிடக்கிறது. ஏன்?

படத்தையே யாரோ கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியிருக்கலாம். கடைப் பலகை எழுத்து, வாகன எண், ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். தூரக் காட்சியில் அவை எதுவும் தெரியாது என்றால், படத்தைத் திருப்பிப் போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். மேலே சொன்ன இரண்டு கோபுரங்களின் வரிசை இங்கேயும் உதவும்: வெள்ளைக் கோபுரம் இடப்பக்கம், ஆனால் பின்னால் என்று தெரிந்து, முன்னால் மலைக்கோட்டை அடிவாரத்து மாடிகளும் இருந்தால், படம் திரும்பியிருக்கிறது.

எத்தனை அடையாளம் பொருந்தினால் "இதுதான்" என்று சொல்லலாம்?

எண்ணிக்கையை விட, அவை ஒன்றையொன்று சாராமல் இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒரே கோயிலின் ஐந்து கோபுரங்கள் பொருந்துவது ஏறக்குறைய ஒரே சான்றுதான். கோபுர வரிசை ஒன்று, ஆற்றின் ஓட்டம் ஒன்று, முன்னால் உள்ள ஒரு கூரையின் உருவம் ஒன்று என மூன்று வேறு வகைகள் பொருந்தினால் நான் சொல்லத் துணிவேன்.

பொருந்தாததைத்தான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன். படத்தில் இருக்கும் ஒரு பெரிய கட்டடம் மேப்பில் இல்லை என்றால், கூகுள் எர்த் ப்ரோவில் பழைய தேதிப் படங்களுக்குப் போய், அது எப்போதாவது இருந்ததா என்று பார்க்க வேண்டும். எந்தத் தேதியிலும் இல்லையென்றால் இடம் தவறு. மற்றவை எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சரி. பாலம் உருகித் தொங்குவது போல முப்பரிமாணக் காட்சியில் தெரிவதை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம். மேப் அதை நிலத்தின் மேடு பள்ளத்தின் மேல் போர்த்துவதால் வரும் கோளாறு அது.

முன்பின் தெரியாத ஒருவர் மாடியில் எடுத்த படத்தை வைத்து அவர் வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், அதனால்தான் அதைச் செய்யாதீர்கள் என்கிறேன். வெள்ளப் படம், பழைய ஊர்ப் படம், செய்திப் படம் ஆகியவற்றுக்கு இது நல்ல கருவி. தனி மனிதரின் வீட்டைத் தேடுவது அவருக்கு ஆபத்து. உங்கள் மாடியிலிருந்து படம் போடும்போதும் இதை நினைவில் வையுங்கள். பின்னணியில் இரண்டு கோபுரங்கள் தெரிந்தாலே இரண்டு கோடுகள் போட்டுவிடலாம்.

இடம் தெரிந்துவிட்டது. எந்த வருடம் எடுத்தது என்றும் சொல்ல முடியுமா?

இடம் கிடைத்தால் காலத்துக்கு எல்லை போடலாம். இருந்தது எப்போது மறைந்தது, இல்லாதது எப்போது வந்தது என்று இரண்டு பக்கமும் நெருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்துப் படத்தில் ராஜகோபுரம் முழு உயரத்தில் இல்லாமல் மொட்டைக் கோபுரமாக நின்றால், அது 1987-க்கு முந்தையது. கொள்ளிடத்தில் 1928-ஆம் ஆண்டுப் பழைய பாலம் முழுதாக இருந்தால் அது 2018 ஆகஸ்டுக்கு முந்தையது. அந்த மாத வெள்ளத்தில்தான் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. "இன்று கொள்ளிடத்தில் வெள்ளம்" என்று வரும் படத்தில் அந்தப் பழைய பாலம் முழு நீளத்துக்கும் அறுபடாமல் தெரிந்தால், அது பழைய படம் என்று உடனே சொல்லிவிடலாம்.

நாள் கணக்கில் வேண்டுமென்றால் ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களைப் பாருங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும், இலவசம். ஒரு பிக்சல் பத்து மீட்டர் என்பதால் வீடுகள் தெரியாது, ஆனால் எந்த மணல் திட்டு எந்த வாரம் மூழ்கியது என்பது நன்றாகத் தெரியும். இடத்தைக் கண்டுபிடிக்கும்போது தள்ளிவைத்த அந்த மணல் திட்டுதான் தேதியைக் கண்டுபிடிக்கும்போது கைகொடுக்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மேகம் மூடியிருந்தால், மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படத்துக்குப் போகலாம். அதில் அமைதியான நீர்ப்பரப்பு கறுப்பாகத் தெரியும்.